பிரம்ம முகூர்த்தம் மூன்றரை மணிக்கு இல்லை

விடியலுக்கு முன் எழுந்து தியானம் செய்ய நினைக்கும் யாரையும் நான் தடுக்கப் போவதில்லை. இன்றும் நானே அந்த நேரத்தில்தான் எழுகிறேன். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கை எலும்பு விரிசல் விட்டது, கையிலிருந்து ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாய் போனது, வேலையிடத்தில் இருந்த நல்ல பெயரும் கொஞ்சம் கெட்டது. இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். யாராவது ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து, "நீ இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?" என்று கேட்டிருந்தால் போதும். ஒருவரும் கேட்கவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டவர்களும் கேட்கவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டரை வரை வேலை. ஷிப்மென்ட் நேரத்தில் அதற்கும் மேல். வீட்டுக்கு வந்து, சமைத்து, அம்மாவுக்குக் கொடுத்து, நானும் சாப்பிட்டு முடிக்கும்போது பத்தாகிவிடும். படுக்கப் பதினொன்று. காலை ஆறரைக்கு எழுவேன். அப்பா இறந்த பிறகு பல மாதங்கள் மனம் ஒரு நிலையில் இல்லை. எதைத் தொட்டாலும் எரிச்சல். அப்போது உறவுக்காரர் ஒருவர் அனுப்பிய காணொளியைப் பார்த்துத்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பிரம்ம முகூர்த்தம் என்று சொல்லி, தினமும் அதிகாலை மூன்றரைக்குக் காணொளி வழியாகத் தியானப் பயிற்சி. கட்டணம் 9,500 ரூபாய். மார்கழி பிறக்கும்போது தொடக்கம். தேவர்களுக்கு நம் ஒரு வருடம்தான் ஒரு நாள் என்றும், அதில் மார்கழி விடியற்காலை என்றும் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம் அல்லவா, அந்த மாதத்தில் தொடங்குவது பொருத்தமாகத்தான் தோன்றியது.

மூன்றரைக்கு வகுப்பென்றால் மூன்று மணிக்கு அலாரம். பல் துலக்கி, குளித்து, கேமராவுக்கு முகம் தெரிய டியூப்லைட்டைப் போட்டு உட்கார வேண்டும். கேமராவை அணைத்து வைக்கக் கூடாது என்பது விதி. ஐந்து மணி வரை கண்ணை மூடி அமர்ந்து பயிற்சி. முடிந்ததும் தலை கனத்து, விளக்கை அணைத்துவிட்டு மறுபடி படுத்து ஏழு மணி வரை அரைத்தூக்கம். ஆரம்பத்தில் பெருமையாக இருந்தது. ஊரே தூங்கும்போது நாம் மட்டும் விழித்திருக்கிறோம் என்ற எண்ணம் ஒரு போதை, அதை மறுக்கமாட்டேன். பகலில் சோர்வாக இருக்கிறது என்று குழுவில் எழுதினால், உடம்பில் தேங்கியிருந்த கழிவும் பழைய வினையும் வெளியேறுகின்றன, தாண்டி வாருங்கள் என்று பதில் வரும். இந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. சோர்வு வந்தால் பயிற்சி பலிக்கிறது, சோர்வு போனாலும் பயிற்சி பலிக்கிறது என்றால் எப்போதுதான் நிறுத்துவது?

இரண்டாவது வாரத்துக்கு மேல் எனக்கு "அனுபவங்கள்" வர ஆரம்பித்தன. கண்ணை மூடினால் ஊதா நிறத்தில் ஒளி வட்டங்கள். முகம் தெரியாதவர்கள் பேசும் குரல். ஒரு நாள் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. வகுப்பில் சொன்னபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் அழுதேன். பல நாள் கழித்து மருத்துவர் விளக்கிய பிறகுதான் தெரிந்தது, விழிப்பிலிருந்து தூக்கத்துக்குள் நழுவும் வாசலில் எல்லோருக்கும் இப்படிப் படங்களும் குரல்களும் வரும். தூக்கம் போதாதவர்களுக்கு உட்கார்ந்த சில நிமிடங்களிலேயே அந்த வாசல் திறந்துவிடும். கனவு அதிகம் வரும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நிறைய இருக்கிறது. பதினொன்றுக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்தால் நாம் வெட்டி எறிவது பெரும்பாலும் அதைத்தான். வெட்டப்பட்டது சும்மா இருக்காது, கிடைத்த இடத்தில் உள்ளே நுழையப் பார்க்கும். தியானத்தில் அமர்ந்திருப்பவர் தான் விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. சொல்லிக்கொண்டிருக்கும் மந்திரத்தின் சொற்கள் குழம்பி, பொருளில்லாத வேறு சொற்களாக மாறும். தாடை தளரும், தலை ஒரு முறை விழுந்து திடுக்கென்று நிமிரும். ஐந்து நிமிடம் ஆனது போலிருக்கும், கடிகாரத்தைப் பார்த்தால் இருபது நிமிடம் ஓடியிருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது தூக்கம்தான். அப்பாவின் குரலைப் பற்றி இப்படி எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அலுவலகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கே தெரியவில்லை. ஒரே பில்லின் உள்ளீட்டு வரியை இரண்டு முறை ஏற்றிய ஜிஎஸ்டி கணக்கு அப்படியே தாக்கலாகிவிட்டது. கம்பெனி அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. முதலாளி எதுவும் சொல்லவில்லை. மறு மாதத்திலிருந்து என் வேலையை இன்னொருவர் சரிபார்க்க ஏற்பாடு செய்துவிட்டார், அவ்வளவுதான். எனக்கோ நான் நன்றாக இருக்கிறேன் என்ற நம்பிக்கை. இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நலமாக இருந்தவர்களை இரண்டு வாரம் தினமும் நான்கு அல்லது ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துச் சோதித்தார்கள். நாளுக்கு நாள் அவர்களின் கவனம் சரிந்துகொண்டே போய், ஓரிரு இரவு முழுக்கக் கண் விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் "எவ்வளவு தூக்கம் வருகிறது?" என்று கேட்டால், முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் பெரிதாக மாறவே இல்லை. தூக்கக் கடன் ஏறுகிறது, ஏறுவது கடனாளிக்குத் தெரிவதில்லை. "எனக்குப் பழகிவிட்டது" என்று சொல்பவரின் வார்த்தையை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான். அவர் பொய் சொல்வதில்லை, அளக்கும் கருவியே பழுதாகியிருக்கிறது.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரோடு சாலைத் தடுப்பில் மோதி விழுந்தேன். நேர் சாலை, எதிரில் வண்டி இல்லை, நல்ல வெளிச்சம். தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது, இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், விழுவதற்கு முன் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டார். பெட்ரோல் பங்க்கைத் தாண்டியது நினைவிருக்கிறது, அடுத்த நினைவு தரையில் கிடந்தது. நடுவே அரைக் கிலோமீட்டர் காணாமல் போயிருந்தது. பிரேக் பிடித்தீர்களா என்றார். இல்லை. "பிரேக்கும் பிடிக்காமல், வழியும் நினைவில்லாமல், நேர் சாலையில் விழுந்தால் முதலில் தூக்கத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும் அம்மா. நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்டார். அத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். சில நொடிகள் மட்டும் நீடிக்கும் இப்படியான தூக்கத்தில் கண் திறந்தேகூட இருக்கலாமாம். மருத்துவமனைக்கு 11,400, வண்டிக்கு 4,800, சம்பளம் இல்லாத விடுப்பில் போனது பதினான்காயிரம். வகுப்புக் கட்டணத்தையும் சேர்த்தால்தான் மேலே சொன்ன தொகை. நடுவழியில் நிறுத்துகிறேன், மீதிப் பணத்தைத் தாருங்கள் என்று கேட்டதற்கு, சங்கல்பம் உடைந்ததால் வரும் தோஷத்தைப் பற்றி நீளமாக எழுதினார்கள். பணத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வீட்டிலும் எதையும் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம், வண்டி வழுக்கிவிட்டது என்றேன்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் இருந்த நாட்களில்தான் இதை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் நேரக் கணக்கு. ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம், பகலும் இரவும் சேர்ந்து முப்பது முகூர்த்தம். பிரம்ம முகூர்த்தம் இரவின் கடைசிக்கு முந்தைய முகூர்த்தம். அதாவது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி, 48 நிமிடம் முன்பு முடிகிறது. கடிகாரத்தில் அதற்கு நிலையான இடம் கிடையாது. திருப்பூரில் ஜனவரிக் கடைசியில் சூரியன் 6.45-ஐ ஒட்டித்தான் உதிக்கும். அப்படியானால் பிரம்ம முகூர்த்தம் ஏறக்குறைய 5.10-க்குத் தொடங்கி 6 மணிக்குச் சற்று முன்பு வரை. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் உதயம் ஆறு மணியை ஒட்டி வரும்போது அது 4.25-லிருந்து 5.12 வரை. சென்னைக்காரர்கள் இதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தைக் கழித்துக்கொள்ளலாம், ஜூனில் இன்னும் சற்று அதிகமாக. தினசரி நாட்காட்டியில் உதய நேரம் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் பின்னால் போனால் போதும். வருடத்தின் எந்த நாளிலும் எங்கள் ஊரில் மூன்றரை மணிக்குப் பிரம்ம முகூர்த்தம் வராது. நான் அந்த வகுப்பில் கண்ணை மூடி அமர்ந்திருந்த நேரத்தில் அது இன்னும் தொடங்கியிருக்கவே இல்லை. முடிந்து எழுந்து விளக்கை அணைத்துப் படுத்தேனே, அப்போதுதான் தொடங்கியது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று சிரிப்புத்தான் வந்தது.

அந்த நேரத்தில் எழச் சொல்லும் பழைய நூல்களில் ஆயுர்வேதக்காரர்கள் அதிகம் எடுத்துக்காட்டுவது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். அதன் தினசரி ஒழுக்கம் பற்றிய அத்தியாயத்தின் முதல் வரியே பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்கிறது. ஆனால் உடல்நலம் உள்ளவனுக்குத்தான் சொல்கிறது. அதே மரபின் அஷ்டாங்க சங்கிரகம் இன்னொரு நிபந்தனையும் போடுகிறது. முந்தைய நாள் உண்டது செரித்ததா, இல்லையா என்று பார்த்துக்கொண்டு எழ வேண்டும். பத்து மணிக்குச் சாப்பிட்டு மூன்று மணிக்கு எழுபவளுக்கு இந்த வரி எப்படிப் பொருந்தும்? இந்தச் செரிமான நிபந்தனை நம் நாட்டோடு நிற்கவில்லை என்பதும் எனக்கு வியப்பாக இருந்தது. இத்தாலியில் ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் எட்டாவது அத்தியாயம், குளிர்காலத்தில் இரவின் எட்டாம் மணிக்கு, அதாவது நம் கடிகாரத்தில் அதிகாலை இரண்டு மணி வாக்கில், எழ வேண்டும் என்கிறது. ஏன் எட்டாம் மணி? நள்ளிரவு தாண்டியும் சற்று நேரம் தூங்கி, உண்டது செரித்து எழ வேண்டும் என்பதற்காக என்று அவரே காரணமும் சொல்கிறார். இருட்டியதும் படுத்துவிடுகிறவர்களுக்கான கணக்கு அது. கோடையில் இரவு சுருங்கிவிடும் என்பதால் நண்பகலுக்குப் பிறகு அவரவர் கட்டிலில் ஓய்வெடுக்கவும் தனியாக இடம் கொடுத்திருக்கிறார்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்க்கும் ஒரு அக்கா. ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர், பல ஆண்டுகளாகப் பின்னிரவில் தொழும் தஹஜ்ஜுத் தொழுகைக்கும் எழுபவர். இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இறைவன் கீழ்வானுக்கு இறங்கி, "என்னிடம் கேட்பவர் யார், நான் கொடுக்கிறேன்" என்று அழைக்கிறான் என்ற நபிமொழிதான் அந்த நேரத்துக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்புக்கு அடிப்படை. கட்டுப் போட்ட கையோடு நான் வேலைக்குத் திரும்பிய அன்று விஷயத்தைக் கேட்டவர், "அம்மணி, அன்றைய கடைசித் தொழுகையான இஷா முடிந்ததும் நான் படுத்துவிடுவேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அரட்டை கிடையாது. நீ எப்போது படுத்தாய்?" என்றார். இஷாவுக்கு முன் தூங்குவதையும் அதற்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபிகள் விரும்பவில்லை என்று புகாரியின் நபிமொழித் தொகுப்பில் இருப்பதை அவர்தான் சொன்னார். மதியம் உணவு இடைவேளையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் அவர் ஒரு இருபது நிமிடம் சாய்வதை நான் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன், அசதி என்றே நினைத்திருந்தேன். அது கைலூலா, அதுவும் ஏட்டில் உள்ள பழக்கம்தான். இன்னொன்றும் சொன்னார். இறைவனுக்கு மிக விருப்பமான இரவுத் தொழுகை தாவூத் நபியின் தொழுகை. அவர் பாதி இரவு தூங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, மீதி ஆறில் ஒரு பங்கு மறுபடி தூங்குவார். நான் கணக்குப் பிரிவுக்காரி, உடனே காகிதத்தை எடுத்துவிட்டேன். எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் சூரியன் மறைவதிலிருந்து வைகறைத் தொழுகை வரை சுமார் பதினோரு மணி நேரம். பாதியும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏழு மணி இருபது நிமிடம். நீளமாக நின்று வணங்குவதற்கு உதாரணமாகக் காட்டப்படுபவருடைய தூக்கத்தின் கணக்கு இது. இன்றைய தூக்க மருத்துவர்கள் பெரியவர்களுக்குச் சொல்வதும் குறைந்தது ஏழு மணி நேரம்தான். தொழுகையில் தூக்கம் வந்தால் அது தெளியும்வரை போய்ப் படுங்கள், தூக்கக் கலக்கத்தில் மன்னிப்புக் கேட்க நினைத்துத் தன்னையே சபித்துக்கொள்ளக்கூடும் என்றும் நபிமொழி இருக்கிறது. அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வகுப்பின் "தாண்டி வாருங்கள்" நினைவுக்கு வந்தது.

பத்து நாள் விபாசனா தியான முகாமின் அட்டவணையையும் இதே கண்ணோடு பாருங்கள். நாலு மணிக்கு மணி அடிக்கிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். புதியவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குத் தேநீரும் பழமும் மட்டும்தான், இரவுச் சாப்பாடு இல்லை, ஒன்பதரைக்குப் படுக்கை, காலையிலும் மதியமும் உணவுக்குப் பின் ஓய்வுக்கு நேரம் என்பதை யாரும் சொல்வதில்லை. அமிர்த வேளை என்று விடியலைக் கொண்டாடும் சீக்கியர்களும், திருப்பள்ளியெழுச்சி பாடும் நம் கோயில்களும் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொதுவான காரணம் எனக்குப் புரிந்தவரை இதுதான்: தூங்கி முடித்த மூளை, காலியான வயிறு, யாரும் எதுவும் கேட்டு வராத ஒரு மணி நேரம். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்த வேளைக்கு அந்தக் குணம் வருகிறது. வானத்தில் அந்த நேரத்தில் வேறு என்ன இறங்குகிறது என்பது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிட விரும்பவில்லை.

கை குணமான பிறகு மறுபடி தொடங்கியபோது அலாரத்தை முதலில் தொடவில்லை. இரவுச் சாப்பாட்டைத்தான் நகர்த்தினேன். காலையிலேயே இரண்டு டப்பா கட்டி, இரவுக்கானதை ஏழேகாலுக்கு அலுவலகத்திலேயே சாப்பிட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு அவர் நேரத்துக்குச் சூடாக்கிக்கொள்ள எடுத்துவைத்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் சமையல் இல்லை என்பதால் ஒரு மணி நேரம் மிச்சம். அதன் பிறகுதான் எழும் நேரம். ஆறரையிலிருந்து ஒரேயடியாக ஐந்துக்குத் தாவாமல், பதினைந்து நிமிடம் முன்னால் இழுத்து, நாலைந்து நாள் அதிலேயே நின்று, பிறகு அடுத்த பதினைந்து. உடம்பின் கடிகாரம் அதற்கு மேல் வேகமாக நகர்ந்தால் முரண்டு பிடிக்கும். எழுந்து பயிற்சி முடிந்ததும் சூரியன் வந்த பிறகு மொட்டை மாடியில் இருபது நிமிடமாவது நடப்பேன். இரவு சீக்கிரம் தூக்கம் வருவதற்கு இந்தக் காலை வெளிச்சம்தான் கருவி. சீக்கிரம் படுத்தால் தூக்கம் வரவில்லையே என்று பலர் புலம்புவார்கள். படுக்கையில் புரண்டு பயனில்லை, காலை வெளிச்சத்தில் நின்றால் இரவு தானாக இமை கனக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வகுப்பில் எனக்கு நேர்ந்த குழப்பத்தின் பாதி இதில்தான் இருந்தது. நாம் வழக்கமாக எழும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு உடல் வெப்பம் அதன் அடிமட்டத்தைத் தொடுகிறது. அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் பலமான வெளிச்சம் உடற்கடிகாரத்தை முன்னால் நகர்த்தும், அதற்கு முன்பு படும் வெளிச்சம் பின்னால் தள்ளும். ஆறரைக்கு எழுந்து பழகிய எனக்கு அந்தப் புள்ளி நாலரை வாக்கில் இருந்திருக்கும். நான் மூன்று மணியிலிருந்தே டியூப்லைட்டையும் திரையையும் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு உண்மையான விடியல் வெளிச்சம் வரும்போது சன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன். மூன்று மணிக்கு எழுந்தும் இரவு பதினொன்றுக்கு முன் ஏன் தூக்கம் வரவில்லை என்று அப்போது குழம்பினேனே, என் உடற்கடிகாரத்தை நானே பின்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். இப்போது விடியலுக்கு முன் எண்ணெய் விளக்கு மட்டும்தான். கைபேசியை அடுப்படியில் வைத்துவிட்டுப் பழைய மணிக் கடிகாரத்தில் அலாரம் வைக்கிறேன்.

எழுந்ததும் கண்ணை மூடி அமர்வதையும் விட்டுவிட்டேன். விழித்த பிறகும் மூளை முழுதாக விழிக்கக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம், அதிலும் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் அலாரம் எழுப்பினால் இன்னும் மோசம். மரபுகளில் இதற்கும் வழி இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. அக்கா முதலில் கை, முகம், கால் கழுவுகிறார், பிறகு நிற்கிறார், குனிகிறார். பெனடிக்ட் துறவிகள் சங்கீதங்களை உரக்கப் பாடித் தொடங்குகிறார்கள். மார்கழியில் பெண்கள் நீராடிவிட்டுத்தான் பாடுகிறார்கள். நானும் முகம் கழுவி, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நின்றபடியே வாய்விட்டு ஒரு பதிகம் சொன்ன பிறகுதான் அமர்கிறேன். அமர்வது இருபது நிமிடம். மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று தென்பட்டால் அன்றைக்கு அதோடு எழுந்துவிடுவேன், இழுத்துப் பிடிப்பதில்லை.

எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்குள் படுக்க முடியாத நாளில் ஐந்து மணி அலாரம் கிடையாது. ஷிப்மென்ட் வாரத்தில் ஆறரைக்குத்தான் எழுகிறேன், விளக்கேற்றிப் பத்து நிமிடம் அமர்ந்துவிட்டு வேலைக்குப் போகிறேன். இதை வார இறுதியில் ஈடுகட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்கிப் பார்த்தேன், திங்கள் முழுக்கத் தலை வலித்தது. அதற்குப் பதிலாக மதியம் இருபது நிமிடம் சாய்வது எவ்வளவோ மேல். அரை மணி தாண்டினால் எழுந்த பிறகு மந்தமாக இருக்கிறது, அதனால் அக்காவைத் தட்டி எழுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தில் இன்னொரு துணிக்கட்டு இப்போது எனக்கென்று இருக்கிறது.

இரவு ஷிப்டில் வேலை செய்பவர்கள், கைக்குழந்தைக்காக இரவில் எழும் தாய்மார்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், மனச்சிக்கலுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இதைத் தாமாகத் தொடங்க வேண்டாம். தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும், இருமுனைக் கோளாறு உள்ளவர்களை மிகையான எழுச்சி நிலைக்கும் தள்ளும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இரவுச் சாப்பாட்டை நகர்த்துவதற்கு முன் மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்கள், வழியில் ஒரு கடையோ சிக்னலோ எப்போது கடந்தது என்று நினைவில்லாமல் போனால், அன்றே பஸ்ஸுக்கு மாறிவிடுங்கள். எனக்கு விழுவதற்கு முந்தைய வாரமே அப்படி இரண்டு முறை நடந்தது. அதற்கு என்ன பொருள் என்று அப்போது தெரியாது.

பணம் கட்டிச் சேரும் வகுப்பு என்றால், சேர்வதற்கு முன் அவர்கள் உங்கள் வேலை நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் கேட்கிறார்களா என்று பாருங்கள். எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் ஒரே மணி சொன்னால், உதய நேரத்தை வைத்துக் கேள்வி கேளுங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சென்ற மாதம் அதே வகுப்பின் புதிய அறிவிப்பு எனக்கு வந்தது. கட்டணம் 12,000 ஆகியிருக்கிறது, நேரம் அதே மூன்றரைதான். உதயத்துக்கு முன் 96 நிமிடம் என்ற கணக்கை எழுதி, எங்கள் ஊருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்டுப் பதில் அனுப்பினேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.